சிவப்பு மாத்திரையும் ஒரு வகுத்தல் கணக்கும்

கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்பு மாத்திரை சிவப்பாக, வழுவழுப்பாக, மேலே சர்க்கரைப் பூச்சோடு இருக்கும். இரும்பின் துருச் சுவை நாக்கில் படக்கூடாது என்பதற்காகப் போட்ட பூச்சு அது. இரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்தக் காரணமெல்லாம் தெரியாது. அதன் கண்ணுக்கு அது பெட்டிக்கடை ஜாடியில் இருக்கும் மிட்டாய். நாக்கில் வைத்தால் இனிக்கவும் செய்கிறது.

கர்ப்பத்தின் நான்காம் மாதத்திலிருந்து 180 நாட்கள், பிரசவத்துக்குப் பின் இன்னொரு 180 நாட்கள், தினம் ஒரு மாத்திரை என்பது அரசுத் திட்டம். ஆக, இந்த மாத்திரை அதிகமாகக் கிடக்கும் வீடும், கைக்குழந்தையோடு இரண்டு வயது மூத்த பிள்ளையும் இருக்கும் வீடும் பெரும்பாலும் ஒன்றேதான். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்து 2003-இல் வெளியான ஓர் ஆய்வு இதையே சொன்னது: தம்பியோ தங்கையோ பிறந்த முதல் மாதத்தில்தான் மூத்த குழந்தைக்கு இரும்பு நஞ்சாகும் ஆபத்து மிக அதிகம். அம்மா களைத்திருக்கிறாள், வீட்டில் எல்லார் கண்ணும் தொட்டிலில் இருக்கிறது, மாத்திரை அட்டை கட்டிலோரம் கிடக்கிறது.

அப்படி ஒரு வீட்டைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். காலை பத்தேகால். மூத்தவனின் வாயோரம் சிவப்புச் சாயம். பாயில் பிய்ந்த அட்டை. "ரெண்டு மூணு தின்னிருப்பான், அவ்வளவுதான்" என்கிறார் பாட்டி. அம்மாவுக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த ஐந்து நிமிடத்தில் அந்த வீட்டில் மூன்று எண்களைக் கண்டுபிடிக்கவேண்டும்: எத்தனை மாத்திரை, ஒவ்வொன்றிலும் எவ்வளவு இரும்பு, பிள்ளையின் எடை என்ன.

எத்தனை போயிற்று?

அட்டையில் மொத்தம் 15 மாத்திரை. அம்மா விழுங்கியது 3. அட்டையிலேயே மிச்சம் இருப்பது 2. அப்படியானால் கணக்கில் வராதவை 10. கட்டிலுக்கு அடியில் பாதி கரைந்த மாத்திரை ஒன்று கிடைக்கிறது. அதைக் கழித்துக்கொள்ளலாமா? வேண்டாம். கண்ணெதிரே முழுசாக இருப்பதை மட்டும்தான் கழிக்கவேண்டும். மற்றதெல்லாம் வயிற்றுக்குள் போனதாகவே வைத்துக்கொள்ளவேண்டும். வாந்தியில் ஒன்றிரண்டு வந்தாலும் அதையும் கழிப்பதில்லை. மாத்திரை கரைந்து உள்ளே போனபின் வெறும் கூடு வெளியே வந்திருக்கலாம். பாட்டி சொன்ன 'ரெண்டு மூணு' வீட்டார் மனசுக்கு ஆறுதல். கணக்குக்கு எடுக்கவேண்டியது 10.

இரண்டு பிள்ளைகள் சேர்ந்து விளையாடிக்கொண்டிருந்தால், பத்தை ஐந்தைந்தாகப் பங்கு போடக்கூடாது. ஒவ்வொரு பிள்ளையும் பத்தையும் தின்றதாக வைத்துத்தான் தனித்தனியாகக் கணக்குப் போடவேண்டும்.

ஒன்றில் எவ்வளவு இரும்பு?

பெரும்பாலும் தவறு நடப்பது இங்கேதான். மாத்திரையில் இருப்பது நேரடி இரும்பு அல்ல, இரும்பின் உப்பு. அந்த உப்பில் ஒரு பங்குதான் இரும்பு. மீதி எல்லாம் சல்பேட், ஃபியூமரேட், குளுக்கோனேட் என்று அதோடு ஒட்டிக்கொண்டிருப்பவை. உலர்த்திய ஃபெரஸ் சல்பேட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இரும்பு. ஃபெரஸ் ஃபியூமரேட்டிலும் அவ்வளவே. நீரோடு சேர்ந்திருக்கும் சல்பேட்டில் ஐந்தில் ஒரு பங்கு. குளுக்கோனேட்டில் நூற்றுக்குப் பன்னிரண்டுதான். உடம்பைத் தாக்குவது இந்தத் தனி இரும்பு மட்டுமே. இதைத்தான் அட்டையில் 'எலிமென்டல் அயர்ன்' என்று அச்சிட்டிருப்பார்கள்.

இதைக் கவனிக்காமல் போனால் கணக்கு இரண்டு பக்கமும் சாயும். அட்டையில் '200 மில்லிகிராம் ஃபெரஸ் சல்பேட்' என்று மட்டும் இருந்து, அந்த 200-ஐ அப்படியே எடுத்தால் உண்மையைவிட மூன்று மடங்கு பயம். அது பரவாயில்லை, பிள்ளை ஆஸ்பத்திரிக்காவது போய்ச் சேரும். எதிர்ப்பக்கத் தவறுதான் கெட்டது. அரசு மாத்திரையில் எழுதியிருக்கும் 60 மில்லிகிராம் ஏற்கெனவே தனி இரும்பின் அளவு. அதை உப்பு என்று நினைத்து ஐந்தால் வகுத்தால் 12 ஆகிவிடும். ஆபத்தான கணக்கு ஒரே நொடியில் ஆபத்தில்லாத கணக்காகத் தெரியும். அட்டையில் 'இவ்வளவு இரும்புக்குச் சமம்' என்ற பொருளில் 'ஈக்விவலன்ட் டு' என்று இருந்தால், அதற்குப் பின்னால் வரும் எண்ணே தனி இரும்பு. அதை மறுபடி வகுக்கக்கூடாது.

நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்வதும் போதாது. அரசுத் திட்டத்தில் கர்ப்பிணிகளுக்கான சிவப்பு மாத்திரையிலும், வளரிளம் பருவத்தினருக்கு வாரம் ஒன்று தரும் நீல மாத்திரையிலும் 60 மில்லிகிராம். ஐந்து முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கான இளஞ்சிவப்பு மாத்திரையில் 45. தனியார் கடையில் வாங்கும் மாத்திரை பலவற்றில் 100. குழந்தைகளுக்கே தரும் இரும்புச் சொட்டு மருந்தையும் மறந்துவிடக்கூடாது. அதில் ஒரு மில்லியில் 20 மில்லிகிராம் இரும்பு, பாட்டில் 50 மில்லி. முழு பாட்டிலில் 1,000 மில்லிகிராம்.

எடையால் வகுத்தால்

நம் வீட்டுப் பிள்ளையின் எடை 11 கிலோ. தாய்சேய் நல அட்டையில் அங்கன்வாடியில் போன மாதம் எழுதியது. பத்து மாத்திரை, ஒன்றுக்கு 60, மொத்தம் 600 மில்லிகிராம். 600-ஐ 11-ஆல் வகுத்தால் கிலோவுக்கு ஏறக்குறைய 55 மில்லிகிராம்.

இந்த எண்ணுக்கு என்ன பொருள்? இரத்தசோகை உள்ள குழந்தைக்கு மருத்துவர் தரும் மருந்தே ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 3 முதல் 6 மில்லிகிராம்தான். ஒரே தடவையில் 20-க்குக் கீழே போனால் பொதுவாகப் பெரிய தொந்தரவு இருக்காது. 20-இலிருந்து 60 வரை வாந்தி, பேதி, வயிற்று வலி வரும். 60-ஐத் தாண்டினால் வயிற்றோடு நிற்காது. இரத்த ஓட்டம், கல்லீரல், மூளை எல்லாவற்றையும் தொடும். 120-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து.

அமெரிக்க நச்சுத் தகவல் மையங்கள் 2005-இல் வகுத்த நெறிமுறையில், பெரியவர்களுக்கான இரும்பு மாத்திரையைக் கிலோவுக்கு 40 மில்லிகிராமோ அதற்கு மேலோ விழுங்கிய பிள்ளையை உடனே அவசரப் பிரிவுக்கு அனுப்பச் சொல்கிறார்கள். அதற்குக் கீழே என்றால் வீட்டிலேயே வைத்து, மையத்திலிருந்து தொலைபேசியில் திரும்பத் திரும்ப விசாரிப்பார்கள். அப்படி விசாரிக்க ஆள் இல்லாத ஊரில் 20-ஐத் தாண்டினாலே மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. கடுமையான வாந்தி, இரத்த வாந்தி, சோர்வு, மயக்கம் இருந்தால் எந்த எண்ணையும் பார்க்கவேண்டாம். எத்தனை தின்றது என்றே தெரியாவிட்டாலும் அப்படித்தான். 108-ஐக் கூப்பிடவேண்டும். டெல்லி எய்ம்ஸில் உள்ள தேசிய நச்சுத் தகவல் மையத்தின் இலவச எண் 1800 116 117.

நம் பிள்ளையின் எண் 55. அதே பத்து மாத்திரை 9 கிலோப் பிள்ளையின் வயிற்றுக்குப் போயிருந்தால் 67. அதே பத்து, தனியாரில் வாங்கிய 100 மில்லிகிராம் மாத்திரையாக இருந்திருந்தால் 91. எனவே 55 என்பதை '60-க்குக் கீழேதானே' என்று படிக்கக்கூடாது. ஒரே ஒரு மாத்திரை கூடினால் 60 ஆகிவிடும் கணக்கு இது.

வீட்டில் செய்யக்கூடாதவை சில உண்டு. தொண்டையில் விரலை விடுவது, உப்புக் கரைசல் கொடுப்பது, கரி கொடுப்பது. பல நஞ்சுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் கரி, இரும்பைப் பிடிப்பதில்லை. அதைக் கொடுப்பதால் ஒரு பயனும் இல்லை, நேரம்தான் போகும். அட்டை, கிடைத்த மாத்திரைகள், எடை எழுதிய அட்டை ஆகிய மூன்றையும் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பவேண்டும்.

உள்ளே என்ன நடக்கிறது?

இரும்பு முதலில் செய்வது புண்ணாக்குவது. மாத்திரை ஒட்டிய இடத்தில் இரைப்பையின், சிறுகுடலின் உட்தோல் அரிக்கப்படுகிறது. அதனால்தான் முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி, பேதி, சில சமயம் இரத்தம். மாத்திரையின் சிவப்புச் சாயமும் வாந்தியில் வரும் என்பதால், சாயமா இரத்தமா என்று குழம்புவது சகஜம். அதை மருத்துவரே பார்த்துச் சொல்லட்டும்.

அடுத்தது கண்ணுக்குத் தெரியாத சேதம். உடம்பில் இரும்பை ஏற்றிச் செல்ல ஒரு புரதம் இருக்கிறது. சாதாரண அளவுக்கு அது போதும். ஒரே நேரத்தில் அளவுக்கு மீறி வந்தால் வண்டி நிறைந்துபோய், மீதி இரும்பு பிடிமானம் இல்லாமல் இரத்தத்தில் திரிகிறது. அதை வெளியேற்ற நம் உடம்பில் தனி வழி கிடையாது. அந்தத் திரியும் இரும்பு, உயிரணுவுக்குள் சக்தி தயாரிக்கும் உறுப்புகளைக் கெடுக்கிறது. இரத்தத்தில் அமிலம் ஏறுகிறது, நாளங்கள் தளர்ந்து இரத்த அழுத்தம் விழுகிறது. குடலிலிருந்து வரும் இரத்தம் முதலில் போய்ச் சேரும் இடம் கல்லீரல். அதனால் கடைசியில் பெரிய அடி வாங்குவதும் அதுவே.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் ஏமாற்று இடைவெளி உண்டு. ஆறு மணி நேரத்துக்குப் பிறகு வாந்தி நின்றுவிடும். பிள்ளை தூங்கும், கொஞ்சம் தெளிவாகவும் தெரியும். "தெளிஞ்சுட்டான், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாமா டாக்டர்?" என்று கேட்பது அப்போதுதான். குடலில் இருந்த இரும்பு உயிரணுக்களுக்குள் போய்க்கொண்டிருக்கும் நேரமாகவும் அது இருக்கலாம். ஒரு நாளுக்குள்ளோ இரண்டு நாட்களுக்குள்ளோ அதிர்ச்சி நிலையும், அதைத் தொடர்ந்து கல்லீரல் செயலிழப்பும் வரக்கூடும். 2023 மார்ச்சில் உதகையில் பள்ளி மாணவியர் சிலர் போட்டிபோட்டு இரும்பு மாத்திரைகளைத் தின்றார்கள். அவர்களில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருவர் உயிரிழந்தது உடனே அல்ல, கல்லீரல் கெட்டு, சில நாட்கள் கழித்து.

இதற்கு நேர்மாறான நல்ல செய்தியும் உண்டு. விழுங்கி ஆறு மணி நேரமாகியும் ஒரு தடவைகூட வாந்தி எடுக்காமல், ஒரு குறையும் இல்லாமல் விளையாடும் பிள்ளைக்குப் பெரிய நஞ்சேற்றம் வருவது அரிது. மெதுவாகக் கரையும் வகை மாத்திரை என்றால் மட்டும் இந்த ஆறு மணி நேரக் கணக்கை நம்பக்கூடாது. வாந்தியே வராத பிள்ளையும், வாந்தி எடுத்து நின்ற பிள்ளையும் வெளியே பார்க்க ஒன்றுபோலத்தான் தூங்கும். முன்கதைதான் வேறு.

ஆஸ்பத்திரியில்

நம் பிள்ளை பத்து மணிக்கு விழுங்கியதாக வைத்துக்கொள்வோம். பதினொன்றரைக்கு ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் இரண்டு தடவை வாந்தி. முதலில் வயிற்றுக்கு ஓர் எக்ஸ்ரே. இரும்பு எக்ஸ்ரேயில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். படத்தில் ஆறேழு புள்ளிகள் இருக்கின்றன என்றால், அவ்வளவும் இன்னும் கரையாமல் உள்ளே கிடக்கிறது, வெளியே தள்ள வாய்ப்பு இருக்கிறது என்று பொருள். புள்ளியே இல்லை என்றால் ஒன்றும் தின்னவில்லை என்று பொருளல்ல. கரைந்துபோன மாத்திரையும் சொட்டு மருந்தும் படத்தில் தெரியாது.

அடுத்து குடலைக் கழுவுவது. மூக்கு வழியாக இரைப்பைக்கு ஒரு மெல்லிய குழாய் விட்டு, பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற உப்புச் சமன் செய்த கரைசலை விடாமல் செலுத்துகிறார்கள். கிலோவுக்கு மணிக்கு 25 மில்லி என்ற கணக்கில் இந்தப் பிள்ளைக்கு மணிக்கு ஏறக்குறைய 275 மில்லி. மலம் தெளிந்த தண்ணீராக வரும்வரை, படத்தில் புள்ளிகள் மறையும்வரை இது நடக்கும். பிள்ளை அழும், அம்மாவும் அழுவார். ஆனாலும் இரும்பு உள்ளே போவதற்கு முன்னால் அதைத் துரத்தக்கூடிய வழி இதுதான்.

மதியம் இரண்டு மணிக்கு, அதாவது விழுங்கி நான்கு மணி நேரத்தில், இரத்தத்தில் இரும்பின் அளவைப் பார்க்கிறார்கள். நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள்தான் அது உச்சத்தில் இருக்கும். ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 350 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் பெரும்பாலும் கவலையில்லை. 350-க்கும் 500-க்கும் இடையே என்றால் கண்காணிப்பு. 500-ஐத் தாண்டினால் உடம்பு முழுக்கப் பாதிப்பு வரும் என்று எதிர்பார்க்கவேண்டும். தாமதமாக, பன்னிரண்டு மணி நேரம் கழித்து எடுத்த இரத்தத்தில் அளவு குறைவாக வந்தால் நிம்மதி அடையக்கூடாது. இரும்பு இரத்தத்தை விட்டுக் கல்லீரலுக்குள் போய்விட்டது என்றும் அதற்குப் பொருள் இருக்கலாம்.

நம் பிள்ளைக்கு 410 வருகிறது. இரத்தத்தில் அமிலம் ஏறவில்லை, இரத்த அழுத்தம் சரி, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறான். இந்த நிலையில் மாற்று மருந்து கொடுக்காமல் கழுவலைத் தொடர்ந்து, சில மணி நேரத்தில் மறுபடி சோதிப்பார்கள். ஐந்து மணிக்கு 310. இறங்கிவிட்டது. இரவு எக்ஸ்ரேயில் புள்ளி இல்லை. அப்படியும் மறுநாள்வரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார்கள்.

மாற்று மருந்து எப்போது?

இரும்புக்கு மாற்று மருந்து டெஃபராக்சமின். மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரி, தன் தேவைக்கு இரும்பைப் பிடித்துக்கொள்ளத் தயாரிக்கும் பொருளிலிருந்து வந்தது. இரத்தத்தில் திரியும் இரும்பைப் பற்றிக்கொண்டு சிறுநீர் வழியாக வெளியே வரும். அப்போது சிறுநீர் செம்பழுப்பாக மாறலாம்.

இதைக் கொடுக்கச் சில தெளிவான காரணங்கள் உண்டு. பிள்ளை மந்தமாகவோ மயக்கமாகவோ இருப்பது, இரத்த அழுத்தம் விழுவது, இரத்தத்தில் அமிலம் ஏறுவது, இரும்பின் அளவு 500-ஐத் தாண்டுவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் போதும். முதல் மூன்றில் ஒன்று தெரிந்தால் நான்காவதற்காகக் காத்திருக்கமாட்டார்கள். இரும்பு அளவை இரவில் சோதிக்க முடியாத ஆஸ்பத்திரிகளில் பிள்ளையின் நிலையும் அமிலச் சோதனையுமே முடிவைச் சொல்லும்.

நரம்பு வழியே கிலோவுக்கு மணிக்கு 15 மில்லிகிராம் வரை. 11 கிலோவுக்கு மணிக்கு 165. வேகமாக ஏற்றினால் இந்த மருந்தே இரத்த அழுத்தத்தை இறக்கிவிடும். ஒரு நாளுக்கு மேல் நீண்டால் நுரையீரலில் தண்ணீர் கட்டலாம். அதனால் தேவையில்லாதபோது 'எதற்கும் இருக்கட்டும்' என்று கொடுப்பதில்லை.

இதன் வலிமைக்கும் எல்லை உண்டு. 100 மில்லிகிராம் மருந்து ஏறக்குறைய 8.5 மில்லிகிராம் இரும்பைத்தான் பிடிக்கும். மணிக்கு 165 கொடுத்தால் அதிகபட்சம் 14 மில்லிகிராம் இரும்பு. விழுங்கியதோ 600. மாற்று மருந்து இருக்கிறதே என்று குடலைக் கழுவாமல் விடமுடியாதது இதனால்தான்.

வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் இன்னொன்றும் சொல்வார். இரண்டு முதல் எட்டு வாரத்துக்குள் சாப்பிட்டதெல்லாம் வாந்தியாக வந்தால் திரும்பக் கொண்டுவரவேண்டும். புண்பட்ட இடம் ஆறும்போது தழும்பு சுருங்கி, இரைப்பையின் வாயை அடைத்துவிடக்கூடும்.

அமெரிக்காவில் 1997-இல் ஒரு விதி வந்தது. ஒரு மாத்திரையில் 30 மில்லிகிராமோ அதற்கு மேலோ இரும்பு இருந்தால், ஒவ்வொரு மாத்திரையையும் தனித்தனியாகப் பிதுக்கி எடுக்கும் உறையில்தான் விற்கவேண்டும். 2003-இல் நீதிமன்றம் அந்த விதியை நீக்கிவிட்டது. ஆனால் விதி இருந்த ஆண்டுகளில் இரும்பால் இறக்கும் சிறு குழந்தைகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்திருந்தது. ஒவ்வொன்றாகப் பிதுக்கும் நேரத்தில் யாராவது பார்த்துவிடுவார்கள், அல்லது பிள்ளைக்கே சலித்துவிடும்.

மாத்திரையை அட்டையிலிருந்து உதிர்த்து டப்பாவில் போட்டு வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. டப்பாவில் எத்தனை இருந்தது என்று யாருக்கும் தெரியாது. அட்டையில் ஒவ்வொரு குழியும் ஒரு கணக்கு. பத்தேகால் மணிக்கு அந்த அம்மாவால் பத்து என்று சொல்லமுடிந்தது அட்டை இருந்ததால்தான். அட்டையோடு, பிள்ளை ஏறி எட்டாத அலமாரியில், பூட்டி வைத்திருந்தால் அந்தக் கணக்கையே போட்டிருக்க வேண்டாம்.